ஆகிலாவின் உள்ளங்கை உப்பு

கல்முனைக்குடி ஆகிலாவின் குசினியில் அன்றுதான் முதல் சமையல் வகுப்பு. இது சரி வந்தால் மட்டும் தன்னிடம் தங்கும் வெளிநாட்டு ஆட்களை இன்னும் அனுப்புவதாகப் பொத்துவில் விடுதிக்காரர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அவளுக்கோ அந்த வகுப்பு நிலைக்க வேண்டும் என்று கொள்ளை ஆசை.

மீன் குழம்பான மீனாணத்துக்கான செய்முறையை நோன்பு மாதத்திலேயே இங்கிலீசில் எழுதிவிட்டார் புருசன் மிஹ்லார். வேன் ஓட்டிப் பழகிய இங்கிலீசு. வழி சொல்லும், சமையல் சொல்லாது. அவிவது, வேகுவது, கொதிப்பது எல்லாமே அவருக்கு "பொயில்"தான்.

"தேங்காய்த் தலைப்பால் விட்ட புறகு கொதிச்சா திரைஞ்சி போகும்," என்றாள் ஆகிலா. "மெல்லிய நெருப்பில சூடாக்கி இறக்கிற எண்டு எழுதுங்க."

சீரகம், பெருஞ்சீரகம் இரண்டுக்கும் "கியூமின்" என்றே போட்டிருந்தார். இரண்டையும் அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். பாவம், போனில் தேடிப் பெருஞ்சீரகத்தை "பென்னல்" என்று திருத்தினார். உப்புக்கு அவள் உள்ளங்கையைக் குழித்துக் காட்ட, "உள்ளங்கைக் குழி அளவு" என்று அப்படியே எழுதினார்.

வகுப்பன்று, பெருநாள் கழிந்து பிடிக்கும் ஆறு நாள் நோன்பு ஓடிக்கொண்டிருந்தது. புருசன் பெண்சாதி இருவரும் நோன்பு. வந்தவர்கள் ஓர் ஒல்லாந்துக்காரரும் அவர் மனைவியும். மனுசன் ஆறடி; கை தோணித் துடுப்பு. தாளில் சொன்னபடி உள்ளங்கை நிறைய உப்பை அள்ளிப் போட்டார்.

இறக்கும் நேரம் அவர் மனைவி ஒரு துளி நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

ஆகிலா மிஹ்லார் பக்கம் திரும்பினாள். "இடையில ருசி பாக்கல்லயா எண்டு கேளுங்க."

கேட்டுவிட்டு மிஹ்லார் தலையைச் சொறிந்தார். "தாள்ல அப்பிடி இல்லயாம்."

எப்படி இருக்கும்? நோன்பு மாதத்தில் அந்த வீட்டில் யார் ருசி பார்த்தார்கள்? வாசமும் கையும் பார்த்தே ஆக்கியவளுக்கு அதைச் சொல்லவே தோன்றவில்லை; எழுதியவருக்கும் தோன்றவில்லை.

நோன்பிலும் நாக்கு நுனியில் வைத்துத் துப்பலாம்; அவளுக்கு அதற்கு மனம் வரவில்லை. உருளைக்கிழங்கை அவித்துப் போட்டாள், இன்னும் தலைப்பால் விட்டாள், தேசிக்காய்ப் புளி பிழிந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒல்லாந்துக்காரர் ருசி பார்த்துச் சொல்ல, மிஹ்லார் தமிழில் சொன்னார். அவள் நோன்பு என்று அறிந்ததும் அந்த மனுசன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும்வரை தாங்களும் சாப்பிடப் போவதில்லையாம். ஆகிலாவுக்குக் கண் நிறைந்தது.

பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. பேரீச்சம்பழம் தின்று தண்ணீர் குடித்துவிட்டு, முதல் பிடியை ஆகிலா வாயில் வைத்தாள். மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உப்பு இன்னும் கூடத்தான்," என்றாள்.

மிஹ்லார் சிரித்துக்கொண்டு இங்கிலீசில் என்னவோ சொன்னார்.

"நல்லாரிக்கி எண்டுதானே சொன்னீங்க? உள்ளதச் சொல்லுங்க!"

உள்ளதைச் சொன்னார். ஒல்லாந்துக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்படியானால் சரியாக வரும்வரை அடுத்த கிழமையும் வருவார்களாம், விடுதியில் இருக்கும் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு.

ஆகிலா எழும்பிப்போய்த் தன் உள்ளங்கை உப்பைத் தேக்கரண்டியில் கொட்டி அளந்தாள்.

"எழுதுங்க," என்றாள். "ருசி பாக்கிறதயும் எழுதுங்க."