பதினேழா, ஒன்பதா

2023 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை, காலை 11 மணி 42 நிமிடம். வெளியே தூறல். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையின் மாடியில் இருக்கும் பங்குத் தரகர் அலுவலகத்தில், என் ஸ்டாப் லாஸ், அதாவது விலை இவ்வளவு இறங்கினால் தானாக விற்றுவிடு என்று முன்கூட்டிப் போட்ட உத்தரவு, அடிபட்டது. 838க்கு வாங்கிய 500 பங்குகள் 827.60க்கு விற்றுப் போயின.

வாங்குவதும் விற்பதும் ஒரே நாளில், ஒரே கம்பெனிப் பங்கில். ஓய்வுபெற்ற பிறகு இதுதான் என் வேலை. இதற்கென்று இரண்டு லட்சம் ஒதுக்கியிருந்தேன். அது ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்கினால் கணக்கை மூடிவிடுவதாக மனைவியிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அன்று காலை 1,53,840 இருந்தது.

விற்ற பிறகு விலை 825 வரை இறங்கி, அப்படியே திரும்பி ஏறியது. பக்கத்து நாற்காலியில் இருந்த ஜரிகை வியாபாரி, என்னோடு சேர்ந்து அதே 838க்கு வாங்கியவர், 850க்கு விற்றுவிட்டு டீ சொன்னார்.

"இன்னா சார், இன்னிக்கும் உன்ன இறக்கி வுட்டுட்டுதான் வண்டி கெளம்புதா?"

புதிய விதி வைத்த பிறகு செய்த பதினொரு வர்த்தகத்தில் இது பத்தாவது ஸ்டாப். மீதி ஒன்று, சந்தை மூடும் நேரத்தில் இரண்டு ரூபாய் லாபத்தில் தப்பியது. நான் குருட்டாம்போக்கில் வைத்த ஸ்டாப் இல்லை அது. பழைய வர்த்தகங்கள் 64ஐயும் எடுத்து, கையில் வைத்திருந்த நேரத்தில் ஒவ்வொன்றும் எனக்கு எதிராக அதிகபட்சம் எவ்வளவு இறங்கியது, சாதகமாக அதிகபட்சம் எவ்வளவு ஏறியது என்று பார்த்தேன். சீக்கிரம் விற்றிருந்தால், அன்று சந்தை மூடும் வரை தொட்ட உச்சத்தை எடுத்துக்கொண்டேன். ஜெயித்த 41இல் 37, பத்து ரூபாய்க்கு மேல் இறங்கவேயில்லை. தோற்ற 23இல் 20 அதைத் தாண்டி இறங்கியிருந்தன. ஜெயித்தவற்றில் முப்பது, இருபது ரூபாய் வரை ஏறியிருந்தன. நானோ எட்டிலும் ஒன்பதிலும் பயந்து விற்றிருந்தேன். ஆகவே ஸ்டாப்பை இருபத்தைந்திலிருந்து பத்தாகக் குறைத்தேன், லாபத்தில் விற்க வைக்கும் டார்கெட்டை இருபதாக உயர்த்தினேன். ஸ்டாப் சின்னதானதால் இருநூறு பங்கு வாங்கிய இடத்தில் ஐந்நூறு வாங்கினேன். தோற்றால் அதே ஐயாயிரம்தானே.

இந்த முறையை ஜரிகைக்காரருக்கும் சொல்லிக் கொடுத்தது நான்தான். அவர் கணக்கில் ஸ்டாப் இருபது, டார்கெட் பன்னிரண்டு என்று வந்தது. அவசரத்தில் தப்பாகப் போட்டிருக்கிறார் என்று நினைத்துச் சும்மா இருந்தேன்.

"உன் கணக்கக் காட்டு பார்க்கலாம்" என்று என் செல்போனை வாங்கினார். இருவரும் சேர்ந்து வாங்கிய ஒரு பழைய நாளைத் தேடினார். "ரெண்டு பேரும் எண்ணூத்தி பன்னெண்டுக்குத்தானே வாங்கினோம்? எனக்கு எதிரா பதினேழு ரூபா போயிருக்குது. உனக்கு மட்டும் எப்படிப்பா ஒம்போது? உனக்குத் தனி மார்க்கெட்டா நடத்துறாங்க?"

"அன்னிக்கு நான் எறக்கத்துல இன்னொரு நூறு வாங்கினேன், எழுநூத்தித் தொண்ணூத்தாறுக்கு" என்றேன். சொல்லும்போதே தப்பு புரிந்தது. இரண்டும் சேர்ந்து சராசரி 804. செயலி அந்த விலையைத்தான் காட்டும். அதிலிருந்து கீழே 795 வரைக்கும் ஒன்பது என்று அளந்திருக்கிறேன். முதலில் வாங்கிய 812இலிருந்து அளந்தால் பதினேழு. மேலேயும் அதே தப்பு. அன்றைய உச்சம் 826. சராசரியிலிருந்து 22, முதல் விலையிலிருந்து 14தான்.

இறக்கத்தில் இன்னொரு முறை வாங்கும் பழக்கத்தைப் புதிய விதியில் கைவிட்டிருந்தேன். ஆனால் அந்தப் பழக்கம் கீழே இழுத்த விலையிலிருந்து அளந்த தூரத்தையே விதியாக வைத்திருந்தேன்.

டீ ஆறியது. அங்கேயே உட்கார்ந்து ஜெயித்த 41ஐயும் முதல் விலையிலிருந்து திரும்பப் போட்டேன். 26 வர்த்தகங்கள் பத்து ரூபாய்க்கு மேல் இறங்கியிருந்தன. பத்து ரூபாய் ஸ்டாப் வைத்திருந்தால் அந்த 26 வெற்றியும் அன்றைக்கே தோல்வி. இருபது ரூபாய் ஏறியவை ஏழே ஏழு. ஸ்டாப் கிட்டே, டார்கெட் எட்டாத தூரத்தில். இரண்டு முனையையும் நானே எனக்கு எதிராகத் திருப்பி வைத்திருந்தேன். மூன்று தடவை கூட்டினேன். அதே எண்கள்.

"சரி வுடு. இப்பத்தான் சரியான அளவு தெரிஞ்சிடுச்சே, நாளைக்கு இருவதுல வெச்சு ஆடு" என்றார் ஜரிகைக்காரர்.

ஆசையாகத்தான் இருந்தது. கணக்கில் மிச்சம் 1,48,424.

வீட்டில் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"ஒண்ணரைக்குக் கீழ தாண்டிடுச்சா?"

"தாண்டிடுச்சு. ஆனா தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சிட்டேன். இனிமே..."

"தப்பு கெடைச்சா வெச்சுக்கோங்க. நான் கேட்டது அது இல்லீங்களே."

மறுநாள் கணக்கை மூடும் தாளில் கையெழுத்துப் போட்டேன். பத்து ஸ்டாப்புகள், கடைசி ஸ்டாப் 828க்குப் பதில் 827.60க்குப் போனதில் பங்குக்கு நழுவிய நாற்பது காசு, தரகு, வரி எல்லாம் கூட்டி, தப்பிய ஆயிரத்தைக் கழித்ததில் போனது 51,576 ரூபாய்.