பதினாறுக்குக் கீழே போன முகம்

வடசேரியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் உட்கார்ந்து சுந்தரராஜ் கல்யாணப் படங்களுக்கு மிக்சிங் செய்து பிழைத்து வந்தார். கேமராக்காரர்கள் எடுத்துக் கொடுப்பதை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. ஆலயத்துக் கல்யாணமோ அம்மன் கோவில் கல்யாணமோ, யார் வீட்டுப் பிள்ளையையும் தன் வீட்டுப் பிள்ளையைப்போல அழகாகக் காட்டிவிடுவார் என்று ஊரில் பெயர். ஒரு படம் முடிந்தால் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் டிவியில் போட்டு, மனைவி லீலாபாயோடு உட்கார்ந்து முழுக்கப் பார்த்த பிறகுதான் கொடுப்பார். "பெண்ணுக்க சாரி கொள்ளாம்" என்று லீலாபாய் சொல்லிவிட்டால் படம் பாஸ்.

ஒரு மழைக்காலத்தில் இடி இறங்கி அந்த டிவி போயிற்று. பிறகு வாங்கலாம் என்று விட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டருக்குப் புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டும் போட்டார்.

கார்டு போட்ட பிறகு ஒரு வினோதம். வெட்டி ஒட்டும்போது படம் நன்றாகத்தான் இருந்தது. முடிந்த படத்தை எக்ஸ்போர்ட் செய்து கம்ப்யூட்டர் பிளேயரில் ஓட்டினால் கஞ்சித்தண்ணீர் ஊற்றினதுபோல் வெளுத்துக் கிடந்தது. கறுப்பு சாம்பலாகவும் வெள்ளை அழுக்காகவும் தெரிந்தது. சுந்தரராஜ் எக்ஸ்போர்ட் செட்டிங்கில் துழாவினார். டேட்டா லெவல் என்று ஓர் இடம். அதில் 'வீடியோ' என்று இருந்ததை 'ஃபுல்' என்று மாற்றினார். பிளேயரில் கறுப்பு கறுப்பாக வந்தது. "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு அதை அப்படியே விட்டார்.

அப்படிப் போன படங்களில் ஒன்றுதான் பிரிஜாவின் கல்யாணம்.

பிரிஜாவின் அப்பா கபிரியேல், முட்டம் பக்கத்துக் கடற்கரையில் வள்ளத்தொழில் செய்தவர். சர்க்கரை அவருடைய கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. ஆலயத்துக்குப் புறப்படும் முன் தகப்பன் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப வேண்டும். கேமராக்காரர் லைட்டைப் போட்டதும் கபிரியேலுக்குக் கண் கூசி நீர் வழிந்தது. "லைட்ட அணைங்க மக்கா" என்றார். மாதா படத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே சிலுவை போட்டார். அந்த மங்கலில், ஒரு சாண் தூரத்தில் நின்ற மகளின் முகம் அவருக்குத் தெரியவில்லை.

பிள்ளை கத்தாருக்குப் போன பிறகு வீட்டில் அதுவே பேச்சு.

"நான் சிலுவை போட்டப்ப அவ சிரிச்சா."

"அழுதா. நான் பக்கத்துல நின்னேன்லா?" என்பாள் மனைவி செசிலி.

"படம் வரட்டு, பாப்போம் ஏட்டி. பெரிசாத் தெரியும்."

படம் வந்தது. டிவியில் போட்டார்கள். மெழுகுவர்த்தி எரிந்தது. பிரிஜா தலையில் போட்டிருந்த நெட் முக்காடு, சரிகை ஒன்றும் தெரியாமல் ஒரே வெள்ளையாகப் பளீரென்று நின்றது. அதற்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு.

செசிலி போன் போட்டாள். "அண்ணே, பிரிஜாவுக்க அம்மையாக்கும் பேசியது. சிலுவை போடுற இடத்துல பிள்ளைக்க மொகத்தக் காணல. ஒரே இருட்டால்லியா கெடக்கு!"

சுந்தரராஜ் உடனே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். மங்கலாக இருந்தாலும் முகம் இருந்தது. கண், உதடு, கன்னத்தில் மெழுகு வெளிச்சம். "எங்கிட்ட நல்லாத் தெரியுது அக்கா. உங்க டிவிக்க கொழப்பம். ரிமோட்ட எடுத்து பிரைட்னஸ் கூட்டுங்க."

போனுக்குள் கபிரியேலின் குரல் கேட்டது. "அது எனக்க கண்ணாக்கும் ஏட்டி. அந்த மனுசன விடு."

"எனக்கும் தெரியல்லியே! எனக்கும் சுகரா?"

சில நாள் கழித்து மறுபடி போன். "கூட்டினோம் அண்ணே. கறுப்பு சாம்பலாச்சு, மொகம் வரல. கண்ணுக்குள்ள ரத்தம் கசியுதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கண்ணுல வெளிச்சம் இருக்கும்போதே பாக்கணும்னு இவரு நிக்காரு. ஒருக்கா வந்து பாப்பியளா?"

"கல்யாண சீசன் அக்கா, மூச்சு விட நேரமில்ல. கழிஞ்சதும் வாறேன்" என்றார் சுந்தரராஜ். பொய் இல்லை, வேலை தலைக்குமேல் கிடந்தது. ஆனால் வடசேரியிலிருந்து முட்டத்துக்கு எத்தனையோ பஸ் போகிறது.

மண்டபங்களில் எல்.இ.டி. திரை கட்டும் ஜெனோதான் பிறகு கண்ணைத் திறந்தான். ஒரு வரவேற்பில் நின்றுகொண்டே கூப்பிட்டான்.

"அண்ணே, உங்க படத்துல மாப்பிள்ளைக்கு கோட்டு இருக்கா, இல்ல உடம்புல ஓட்டையா?"

"ஏலே, திரை உனக்கதுதானே? திரையச் சொல்லு."

"இதே திரையில மத்தவனுக்க படம் நல்லா ஓடுது. உங்களதுதான் கறுத்துச் சாகுது. ஃபுல்லுல எக்ஸ்போர்ட் போட்டியளா?"

"ஆமாலே, ஃபுல்லுதான். அதுக்கென்ன?"

"வெளிச்சக் கணக்குல டிவிக்கு கறுப்பு பதினாறுல தொடங்கும் அண்ணே, வெள்ளை இருநூத்தி முப்பத்தஞ்சுல முடியும். நீங்க பூஜ்யத்துல இருந்து இருநூத்தி அம்பத்தஞ்சு வரைக்கும் இழுத்துக் குடுத்திருக்கிய. பதினாறுக்குக் கீழ உள்ளதெல்லாம் ஒரே கறுப்பு. மேல மிஞ்சினதெல்லாம் ஒரே வெள்ளை."

"எனக்க பிளேயர்ல நல்லா வருதே?"

"கார்டுக்க செட்டிங்குல வீடியோவுக்குன்னு தனியா ஒண்ணு உண்டு. அது பதினாறு-இருநூத்தி முப்பத்தஞ்சுல கெடக்கும். மொதல்ல அத மாத்துங்க."

மாற்றினார். முன்பு வெளுத்துத் தெரிந்த படம் ஒன்றைப் பிளேயரில் ஓட்டினார். வெளுக்கவில்லை, அழகாக ஓடியது. ஆக, அந்தப் படங்களில் குற்றமே இருந்ததில்லை. காட்டின கண்ணாடிதான் கோணல். கோணல் கண்ணாடியை நம்பி நல்ல படத்தை வளைத்திருக்கிறார். உடனே 'ஃபுல்'லைப் பழையபடி 'வீடியோ'வாக்கி, பிரிஜாவின் கல்யாணத்தை மறுபடி எக்ஸ்போர்ட் செய்தார். மருந்துக்கடைக்காரரின் டிவியில் போட்டுப் பார்த்தார். முகம் வந்தது. பென்டிரைவை எடுத்துக்கொண்டு முட்டம் பஸ் ஏறினார்.

கபிரியேல் வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். காலடிச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பினார். ஆனால் பார்வை சுந்தரராஜின் தோளுக்கு அப்பால் எங்கேயோ போயிற்று.

"யாரு?"

செசிலி சொன்னாள், "மிக்சிங் அண்ணன்." பிறகு தணிந்த குரலில், "ஆப்பரேசன் செய்தாச்சு அண்ணே. வெளிச்சமும் இருட்டும்தான் தெரியுது."

சுந்தரராஜுக்கு உட்காரத் தோன்றவில்லை. "உங்க டிவிக்கு ஒண்ணுமில்ல. தப்பு எங்கிட்டயாக்கும். நீங்க கூப்பிட்ட அன்னைக்கே வந்திருந்தா..."

"நான் எனக்க கண்ணுதான்னு நெனச்சேன். அதனால உங்களக் கொறை சொல்லத் தோணல," என்றார் கபிரியேல். "வந்திட்டியள்லா, போடுங்க."

போட்டார். மெழுகுவர்த்தி எரிந்தது. நெட்டில் சரிகைப் பூக்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இருட்டுக்குள்ளிருந்து பிரிஜாவின் முகம் எழுந்தது. செசிலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பிள்ளை இருக்காளா ஏட்டி?"

"இருக்கா."

"அழுதாளா, சிரிச்சாளா?"

செசிலி போய்த் திரையில் தெரிந்த மகளின் கன்னத்தைத் தொட்டாள். கபிரியேல் மறுபக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க சொல்லுங்க."

அந்த முகத்தை எத்தனையோ தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர் சுந்தரராஜ். "கண்ணு நெறஞ்சு நிக்கு. ஆனா சிரிக்கா. உங்களத்தான் பாத்துச் சிரிக்கா."

"நான் சொன்னேன்லா ஏட்டி!" கபிரியேல் தொடையில் தட்டினார். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "அப்ப அவ ஒண்ணு சொன்னா. மெதுவா. அது கேக்கல்லியே?"

அந்த இடத்தில் வயலின் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையின் குரலை எடுத்துவிட்டு அதை வைத்தது சுந்தரராஜ்தான்.

"நான் பாட்டுப் போட்டுட்டேன்," என்றார். "கேமராவுல பதிஞ்ச சத்தம் எங்கிட்ட பத்திரமா இருக்கு. இப்பவே போயி எடுத்திட்டு வாறேன்."

"சாயா குடிச்சிட்டுப் போங்க."

"வந்து குடிக்கேன் அக்கா."

அவர் செருப்பைத் தேடும்போது பின்னால் கபிரியேல் சொல்வது கேட்டது. "ஏட்டி, இன்னும் ஒருக்காகூடப் போடு. பாட்டாவது கேக்கட்டு."