புஹாரி நானாவின் அட்டைத் துண்டு

உக்குவளையில் தகர வேலை செய்யும் புஹாரி நானாவின் கடைத் தரையில் எப்போதும் ஓர் அட்டைத் துண்டு கிடக்கும். பிஸ்கட் பெட்டியைப் பிரித்து விரித்த அட்டை. நான் அங்கே நாலு நாள் போய் வந்தேன். நாலு நாளும் அதை மிதித்துக்கொண்டுதான் நடந்தேன். படம் பிடிக்கப் போனவளுக்குக் கண் எங்கே இருந்ததோ!

மாத்தளை டவுனில் ஒன்பது வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். எடுப்பதும் நானே, எடிட் பண்ணுவதும் நானே. கண்டியில் ஒரு குறும்பட நிகழ்வுக்கு ஆள் சேர்த்தார்கள்: ஒரு கைவேலைக்காரர், பன்னிரண்டு நிமிடம், பேட்டி கிடையாது, பின்னணிக் குரல் கிடையாது, பாட்டும் கிடையாது. எழுத்துப் போட்டு விளக்கவும் கூடாது. பார்ப்பது மட்டும்தான். பாட்டில்லாமல் ஒரு நிமிடம்கூட வெட்டி ஒட்டிப் பழகாதவள் நான். அந்த வீம்பில்தான் பேர் கொடுத்தேன்.

புஹாரி நானாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊருக்கே அவர் நானா, அதாவது அண்ணன். மனிதர்களோடு பேசுவதைவிடத் தகரத்தோடு அதிகம் பேசுவார். "நேரா நில்லுடா" என்பார். "எங்க வளையிற நீ?" என்று அதட்டுவார். தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போடுவார். மனைவி ஹவ்வா ராத்தா பார்க்காவிட்டால் நாலு. பேக்கரிகளுக்குத் தட்டும் புனலும் செய்தாலும் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பூவாளிதான். நாற்றுமேடைக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளி. கலேவெலயிலிருந்து மரக்கறித் தோட்டக்காரர்கள் பஸ் மாறி மாறி வந்து வாங்கிப் போவார்கள். அவ்வளவு தூரம் ஏன் வருகிறார்கள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

முதல் நாள் கெமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. சும்மா மூலையில் உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை. மனிதர் அன்றைக்கு ஸ்திரி போட்ட சேர்ட்டோடு, மாப்பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றார். இரண்டாம் நாள் பழைய பனியனுக்கு இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு நான் ஒருத்தி அங்கே இருப்பதே அவருக்கு மறந்துபோனது.

தகரத்தில் கம்பியால் கீறுவார், கத்திரியால் வெட்டுவார், ஓரத்தை மடிப்பார், உருட்டிக் கொக்கி போல ஒன்றோடொன்று மாட்டி மரச்சுத்தியால் தட்டி இறுக்குவார். சூடேற்றிய செம்பு முனையால் மூட்டு நெடுக ஈயத்தை இழுத்துவிடுவார். மூட்டில் தடவிய அசிட்டிலிருந்து புகை கிளம்பும். நான் சுத்தியலைத் தொடர்ந்தேன், கையைத் தொடர்ந்தேன், முகத்துக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தேன். சின்ன ஒலிப்பதிவுக் கருவியை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கல்யாண வீட்டிலானால் "மாப்பிள்ளை, மோதிரத்தை இன்னொருக்கா போடுங்க" என்று வாய் கூசாமல் கேட்பேன். இங்கே அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பிப் போனது.

எடுத்தது ஒன்பது மணித்தியாலம். அதில் நல்லதைப் பொறுக்கி அடுக்கி, பதினோரு நிமிடத்துக்கு வந்தேன். கீறல், வெட்டு, மடிப்பு, ஈயம். அடியில் கடைசி ஈயச் சொட்டு இறுகுகிறது, அங்கே வெட்டினேன், அடுத்த காட்சியில் கலேவெலத் தோட்டக்காரர் அக்ரம் அந்தப் பூவாளியைக் கையில் வாங்குகிறார். வேலை செய்யும் சத்தம் ஓய்வதற்கு முன்பே பஸ்ஸின் ஹோர்ன் சத்தத்தை உள்ளே இழுத்துவிட்டிருந்தேன். அந்த வெட்டு அவ்வளவு வழுவழுப்பாக விழுந்தது. எனக்கே என் முதுகைத் தட்டிக்கொள்ளத் தோன்றியது.

கண்டிக்கு அனுப்புமுன் அவருக்குக் காட்ட வேண்டும் என்று லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். நானாவும் ஹவ்வா ராத்தாவும் பாயில் உட்கார்ந்து பார்த்தார்கள். ராத்தா இரண்டு தரம் சிரித்தார். நானா சிரிக்கவில்லை. படம் முடிந்தும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா ஈக்கி தங்கச்சி" என்றார் கடைசியில். "ஆனா இது நானில்ல."

எனக்குச் சுருக்கென்றது. "ஏன் நானா? எல்லாம் நீங்க செஞ்சதுதானே?"

"ஈயம் வெச்ச கையோட அக்ரம்கிட்ட குடுக்கிறன். தண்ணி ஊத்திப் பாக்கல்ல. அப்பிடிக் குடுக்கிற மனுசன் நானில்ல."

எனக்குப் பிடிபடவில்லை. ஹவ்வா ராத்தாதான் சொன்னார். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், சொந்தமாகக் கடை போட்ட புதிதில், கலேவெலத் தோட்டக்காரர் ஒருவருக்குப் பன்னிரண்டு பூவாளி செய்து கொடுத்தாராம். அவசரத்தில் ஒன்றையும் சோதிக்கவில்லை. ஏழு ஒழுகிவிட்டன. அந்த மனிதர் பன்னிரண்டையும் ஒரு தடியில் கோத்து, பஸ்ஸில் கொண்டுவந்து, கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

"ஏசியிருந்தா மறந்திருப்பாரு" என்றார் ராத்தா. "அந்தாள் ஒண்ணும் செல்லாம போனதுதான் இவருக்கு இன்னும் உள்ளுக்க ஈக்கி."

அன்றிலிருந்து எந்தப் பூவாளியும் அந்த அட்டையில் உட்காராமல் கடையைவிட்டுப் போனதில்லை. வாய்வரை தண்ணீர் நிரப்பி, காய்ந்த அட்டையில் வைத்து, பதினைந்து இருபது நிமிடம் காத்திருப்பார். அட்டையில் ஈரப் பொட்டு விழுந்தால் திரும்ப ஈயம். விழாவிட்டால்தான் ஆள் கையில் போகும். கலேவெலக்காரர்கள் பஸ் மாறி வருவது இதற்குத்தான். கண்டிக்குப் போகுமுன் உக்குவளையிலேயே அவர்களையெல்லாம் கூட்டி வைத்துப் படத்தைக் காட்டுவதாக வேறு ஏற்பாடு செய்திருந்தோம்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சும்மா இருக்கிற நேரமெல்லாம் எனக்கு வீண். கல்யாண வீட்டில் அப்படித்தான்: ஒன்றும் நடக்கவில்லையா, கெமராவை நிறுத்து, பெட்டரியை மிச்சம் பிடி. நானா காத்திருந்த போதெல்லாம் நான் கெமராவை நிறுத்திவிட்டுப் போனைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு மனிதரின் இருபத்தாறு வருட மானத்தை ஒரே வெட்டில் தூக்கி எறிந்துவிட்டு, வழுவழுப்பு என்று பெருமை வேறு.

என் முகத்தைப் பார்த்து நானாவுக்கே பாவமாகிவிட்டது. "இப்ப ஒண்ண வெச்சுக் காட்டட்டா?" என்றார்.

படத்துக்காகச் செய்யச் சொல்லி எடுக்கக் கூடாது என்று தெரிந்தும் எடுத்தேன். செய்து முடித்த பூவாளியில் தண்ணீர் ஊற்றி அட்டையில் வைத்தார். ஆனால் அட்டையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். சரியா என்று கேட்கிற பார்வை. ஒழுகாது என்று ஏற்கெனவே தெரிந்த வாளி அது. வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்து, அப்படியே அழித்துவிட்டேன்.

பிறகு ஒன்பது மணித்தியாலத்தையும் முதலிலிருந்து பார்த்தேன். ஒரு கோப்பும் விடவில்லை. 'வீண்' என்று நானே பேர் வைத்திருந்த போல்டருக்குள் ஐம்பத்திரண்டு நிமிடக் கோப்பு ஒன்று கிடந்தது. அக்ரம் வந்த அன்றைக்கு எடுத்தது. அடிப்பக்கம் ஈயம் வைப்பதை எடுக்க ட்ரைபொட்டைத் தரையோடு இறக்கி வைத்திருந்தேன். வேலை முடிந்ததும் ஹவ்வா ராத்தா தேத்தண்ணிக்குக் கூப்பிட, பேச்சு சுவாரசியத்தில் கெமராவை நிறுத்த மறந்து உள்ளே போய்விட்டேன். மெமரி கார்ட் நிறைந்துபோனதற்கு அன்று முழுக்க என்னையே ஏசிக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது.

படத்தில் ஆள் இல்லை. அட்டையும் பூவாளியும் மட்டும். தண்ணீர் விழுகிற சத்தம். நானாவின் கால்கள் வந்து போகின்றன. வாசல் வெயில் தரையில் மெல்ல நகர்கிறது. எங்கேயோ ரயில் போகிறது. பதினோராவது நிமிடத்தில் அட்டையில் ஒரு பொட்டுக் கறுத்தது. முதலில் மிளகு அளவு. பிறகு ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவு.

அக்ரமின் பூவாளி ஒழுகியிருக்கிறது.

நானா குந்தி உட்காருகிறார், உள்ளங்கையை அடியில் கொடுத்துப் பார்க்கிறார், உச்சுக்கொட்டுகிறார். தண்ணீரைக் கொட்டித் துடைக்கிறார். திரும்ப ஈயம் வைக்கிறார். புது அட்டை, திரும்பத் தண்ணீர். இந்தத் தரம் அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். பேச்சில்லை, அசைவில்லை. நான் நாலு நாள் தேடிய படம், நான் இல்லாத நேரத்தில் தானாக எடுபட்டிருந்தது.

ஆனால் இதைப் போட்டால் நானா செய்தது ஒழுகுவதை ஊரே பார்க்கும். பயந்து பயந்துதான் அவருக்குக் காட்டினேன். "ஒழுகிற இடத்த எடுத்துட்டு, ரெண்டாவதா காஞ்ச அட்டய மட்டும் போடவா நானா?"

நானா அந்த இடத்தைத் திரும்ப ஓடவிடச் சொல்லிப் பார்த்தார். ராத்தா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒழுகினதயும் போடுங்க" என்றார் நானா. "ஒழுகாத சாமான எதுக்குத் தங்கச்சி காத்திட்டு ஈந்து பாக்கணும்?"

பாதிப் படத்தைக் கலைத்தேன். சுத்தியல் க்ளோசப்புகள் போயின. என் செல்ல வெட்டும் போனது. ஐம்பத்திரண்டு நிமிடத்தை நாலரை நிமிடமாக்கினேன். கோணத்தை மாற்றவில்லை, அதே சட்டகத்துக்குள் மூன்று இடத்தில் மட்டும் வெட்டினேன். வெயில் நகர்ந்திருப்பதைப் பார்த்தாலே நேரம் போனது தெரியும். பொட்டு விழுகிற அந்த எழுபது விநாடியில் மட்டும் கத்தரி வைக்கவில்லை.

கண்டிக்கு முன்னால் உக்குவளையில், பாடசாலை மண்டபத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் காட்டினோம். கலேவெலயிலிருந்து அக்ரமும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வந்திருந்தார்கள். வெறும் அட்டை திரையில் வந்ததும் கதிரைகள் கிறீச்சிட்டன, யாரோ இருமினார். பொட்டு விழுந்தது.

"என்ட வாளி!" என்றார் அக்ரம், சத்தமாக.

ஒருவரும் சிரிக்கவில்லை. நானா தலையைக் குனிந்துகொண்டார். இருபத்தாறு வருடத்துக்கு முந்திய அந்தப் பஸ் திரும்பி வந்ததுபோல அவர் முகம் ஆகிவிட்டது. தப்புச் செய்துவிட்டேனோ என்று எனக்குத் தோன்றியது.

திரையில் திரும்ப ஈயம், திரும்பத் தண்ணீர், புது அட்டை. மண்டபத்தில் இப்போது எல்லோரும் முன்னால் சாய்ந்து அந்த அட்டையைத்தான் பார்க்கிறார்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம். நானாவும் நிமிர்ந்து பார்த்தார். தன்னையறியாமல் அவர் உள்ளங்கை மடியிலிருந்து எழும்பி, இல்லாத ஒரு பூவாளியின் அடியைத் தடவியது.

அட்டை காய்ந்தே இருந்தது. முன் வரிசையில் அக்ரம் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். நானா தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஹவ்வா ராத்தாவின் பக்கம் சாய்ந்தார்.

"ஒழுகல்ல" என்றார்.

படம் முடிந்ததும் அக்ரம் நேரே அவரிடம் வந்தார். "நானா, அடுத்த மாசம் நாத்துமேடைக்குப் பன்னெண்டு வாளி வேணும்" என்றார். பன்னிரண்டு என்று கேட்டதும் ஹவ்வா ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பன்னெண்டுண்டா நாள் எடுக்கும்" என்றார் புஹாரி நானா. "ஒவ்வொண்ணா வெச்சுப் பாக்கணும்."