முப்பத்தொரு சிவப்பு வட்டம்

ஒரே வீட்டில் வாக்கப்பட்ட இரண்டு பெண்கள் ஒரே வக்கீல் ஆபீசில் வேலை பார்த்தால் என்ன ஆகும் என்று கடவுளுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தேதான் அப்படி வைத்திருந்தார் போலிருக்கிறது.

மூத்தவள் அந்த ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரம் அடிக்கிறாள். அங்கே எல்லோருக்கும் அவள் பெரியவள். அவளுடைய கொழுந்தன் மனைவி வந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, அவள் சின்னவள். வீட்டில் கீழ்த்தளம் பெரியவளுக்கு, மாடி சின்னவளுக்கு. குழாயும் துணி காயும் கொடியும் பொது. சண்டை கிடையாது. பெரியவள் காலையில் விளக்கேற்றிக் கண் மூடும்போது கொழுந்தன் வீட்டுக்கும் சேர்த்துத்தான் கேட்டுக்கொள்வாள். கொஞ்ச நாளாகத்தான் அந்த இடம் வரும்போது வேண்டுதல் வேகமாக ஓடிவிடுகிறது.

காரணம் கடை வாடகைப் பத்திரம். அந்த மாதிரிப் பத்திரம் பெரியவள் வளர்த்த பிள்ளை. வக்கீலம்மா சொல்லச் சொல்லத் தட்டச்சு மிஷினில் அடித்து, பிறகு கம்ப்யூட்டருக்கு மாற்றி, வருகிற வாடிக்கைக்கெல்லாம் பேரை மட்டும் மாற்றிக் கொடுத்து வந்தாள். பதினான்கு பக்கம். அதில் எதுவும் ஒற்றையாக நிற்காது. சம்மதித்தும் ஒப்புக்கொண்டும், முழுமையாகவும் பூரணமாகவும், செல்லாததும் பயனற்றதும் என்று ஜோடி ஜோடியாக வரும். எங்கே பட்டியல் வந்தாலும் அதன் வாலில் 'உள்பட, ஆனால் இவை மட்டும் என்றில்லாமல்' என்று கட்டாயம் இருக்கும்.

"உன் பத்திரத்துல எல்லாம் ரெண்டு ரெண்டா வருது. தட்டுல மட்டும் ஒரு கரண்டிதான் விழுது," என்பார் அவள் வீட்டுக்காரர்.

வக்கீலம்மா ஒருநாள் அந்தப் பதினான்கு பக்கத்தைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டார். "ஒரே அர்த்தத்துல ரெண்டு தடவை சொல்றதெல்லாம் எடுத்துடு. எடுத்தா யாருக்கும் உரிமையோ கடமையோ குறையக்கூடாது. அதான் கணக்கு." சின்னவள் நான்கு நாளில் எட்டுப் பக்கமாக்கிக் கொண்டுவந்தாள். வக்கீலம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படித் துடைத்தால் திருப்தி என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷத்தில் பெரியவள் அதை மூன்று தடவை பார்த்திருக்கிறாள், மூன்றுமே அவளுக்காக இல்லை.

அன்றே சின்னவளின் நாற்காலி ஜன்னலோரத்துக்குப் போனது. வெளிச்சம் போதவில்லை என்று அவள் கேட்டாளாம். பெரியவளுக்கும் இருபத்திரண்டு வருஷமாக வெளிச்சம் போதவில்லைதான். கேட்கத் தோன்றவில்லை.

புதுப் பத்திரத்தை முதலில் வாங்கப்போகிறவர் ஒரு சலவைக்கடைக்காரர். மெஷின் வைத்துத் துவைக்கிற கடை போட ஓர் இடத்தை ஐந்து வருஷத்துக்கு எடுக்கிறார். மறுநாள் பதினொரு மணிக்குக் கையெழுத்து. வக்கீலம்மா பழையதையும் புதியதையும் பெரியவள் மேசையில் வைத்தார். "ஒவ்வொரு வெட்டையும் பாருங்க. உறுத்துறதை வட்டம் போடுங்க."

பெரியவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். சாமி கும்பிட்டுவிட்டுத்தான் எடுத்தாள், ஆனால் எடுத்த வேகத்தில் பக்தி இல்லை. 'பூரணமாகவும்' போயிருந்தது, வட்டம். 'பயனற்றதும்' போயிருந்தது, வட்டம். வால் போன இடத்துக்கெல்லாம் வட்டம். வயிறு எரிய எரியப் பேனா ஓடியது. கடைசியில் எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்று. பக்கம் பார்க்க அம்மை போட்ட மாதிரி இருந்தது.

வக்கீலம்மா இருவரையும் எதிரே உட்கார வைத்து முதல் வட்டத்தைத் தொட்டார்.

"'ஒப்புக்கொண்டும்' எடுத்தது ஏன் தப்பு?"

"எப்பவும் போடுறதும்மா."

"'சம்மதித்து'ன்னு இருக்கே. ஒப்புக்காம ஒருத்தர் சம்மதிக்க முடியுமா?"

பெரியவள் யோசித்தாள். முடியாது போலிருந்தது.

"அடுத்தது, 'பயனற்றதும்'. செல்லாதுன்னு சொன்ன பிறகு அதுக்கு என்ன பயன் மிச்சம்?"

சின்னவள் தலை குனிந்தே சொன்னாள்: "அக்கா, 'உள்வாடகைக்கு விடவோ வேறொருவர் பெயருக்கு மாற்றவோ'ன்னு இருந்ததை நான் தொடல. அது பாக்க ஜோடி மாதிரி, ஆனா ரெண்டும் வேற வேற வேலை. உள்வாடகைன்னா இவரும் வாடகைக்காரராவே இருப்பார். மாத்திட்டா இவர் வெளியே போயிடுவார்."

நயமாகத்தான் சொன்னாள். அந்த நயம்தான் பெரியவளுக்கு மிளகாய்.

மூன்றாவது வட்டம் ஒரு வால். வக்கீலம்மாவே சொன்னார்: "'உள்பட'ன்னாலே சொன்னது உதாரணம், சொல்லாததும் சேரும்னுதான் படிப்பாங்க. 'இவை மட்டும் என்றில்லாமல்' அதையேதான் திரும்பச் சொல்லுது. எடுத்தா யார் கையில என்ன குறையும்?"

"எனக்குச் சொல்லத் தெரியலம்மா."

ஆறாவது வட்டத்தோடு வக்கீலம்மா ஃபைலை மூடினார். "மீதியும் இப்படித்தானே. சரி விடுங்க, நாளைக்குக் கையெழுத்து ஆகட்டும்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

மூக்குடைந்து மேசைக்குத் திரும்பினாள் பெரியவள். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. ஒரு தப்பாவது அகப்படாதா என்று புதுப் பத்திரத்தை இன்னொரு நகல் எடுத்து, இந்தத் தடவை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். உள்ளதைச் சொன்னால், வட்டம் போட்டபோது அவள் படிக்கவே இல்லை. எது போயிற்று என்றுதான் பார்த்தாள், எது மிச்சமிருக்கிறது என்று பார்க்கவில்லை.

ஐந்தாம் பக்கத்தில் கட்டட உரிமையாளரின் பொறுப்பு: 'கூரை, சுவர், கழிவுநீர்க் குழாய் உள்பட, கட்டடத்தின் பழுதுகளை உரிமையாளர் சரிசெய்ய வேண்டும்.' வால் இல்லை. ஆறாம் பக்கத்தில் கடைக்காரரின் பொறுப்பு: 'தரை, கதவு, கண்ணாடி உள்பட, ஆனால் இவற்றோடு நில்லாமல், பழுதுகளைக் கடைக்காரர் சரிசெய்ய வேண்டும்.'

வால் இருந்தது. எட்டுப் பக்கத்திலும் அந்த ஒரே இடத்தில் மட்டும்.

பெரியவள் இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்தாள். மெயின் வயர் எரிந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் என்ன சொல்வார்? 'கடைக்காரனுக்கு மட்டும் "இவற்றோடு நில்லாமல்"னு தனியாப் போட்டிருக்கு. எனக்குப் போடல. காரணமில்லாமலா ஒரு இடத்துல வச்சு மத்த இடத்துல எடுத்திருப்பாங்க? அப்ப என் பொறுப்பு இந்த மூணோட சரி. வயரு அவன் தலையில.' ஜெயிப்பாரோ மாட்டாரோ, இழுத்தடிக்க அது போதும். எல்லா இடத்திலும் வெட்டினால் பாதகமில்லை, எல்லா இடத்திலும் விட்டாலும் பாதகமில்லை. ஓரிடத்தில் வைத்து ஓரிடத்தில் வெட்டினால்தான் வினை.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதை எழுதத்தான் வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவளே பிறகு கடவுளிடம் அதைச் சொல்லித்தான் அழுதாள். ஐந்தாம் பக்கத்து வெட்டில் அவளுடைய சிவப்பு வட்டம் இருந்தது. பத்தொன்பதாவது. அவள் சொல்லியாயிற்று, யாரும் கேட்கவில்லை. இனி வாயே திறக்க வேண்டாம். நாளை கையெழுத்தாகட்டும், வயர் என்றைக்காவது எரியட்டும். அன்றைக்கு வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றாமல் சின்னவளைப் பார்ப்பார். ஜன்னலோர நாற்காலி தானாக நகர்ந்து வரும்.

அந்த நேரம் பார்த்துச் சலவைக்கடைக்காரர் வந்தார், நகல் வாங்க. நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார்.

"இந்தத் தடவை எனக்கே புரியுதும்மா. போன கடைக்கு நீங்க அடிச்சுக் குடுத்தீங்களே, அதை வீட்ல பத்திரமா வச்சிருக்கோம். யாரும் படிச்சதில்ல."

பெரியவளுக்குச் சுருக்கென்றது.

"ரெண்டு பெரிய மெஷின் வாங்குறேன். கரண்டு நிறைய இழுக்குமாம். வயரிங்லாம் பழசாச்சேன்னு எலக்ட்ரீஷியன் சொல்றான். அதெல்லாம் கட்டடக்காரர் பாத்துப்பார்ல? பத்திரத்துல இருக்கும்ல?"

"பாத்துச் சொல்றேன்," என்றாள் பெரியவள். 

மறுநாள் விளக்கேற்றிக் கண்ணை மூடினாள். கொழுந்தன் வீட்டுக்குக் கேட்கிற இடம் வந்தது. வேண்டுதல் ஓடவில்லை, அப்படியே நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து, வட்டமில்லாத புது நகலை எடுத்து, இரண்டு இடத்தில் மட்டும் பென்சிலால் கோடு போட்டாள். குழாயடிக்குப் போனாள். சின்னவள் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தாள்.

"இதைப் பாரு."

சின்னவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பார்த்தாள். இரண்டாம் தடவை பார்த்தபோது முகம் வெளுத்தது. "வாலை எல்லாம் கம்ப்யூட்டரே தேடி எடுத்துச்சு அக்கா. 'இவை மட்டும் என்றில்லாமல்'னு போட்டுத் தேடினேன். இங்க மட்டும் வேற மாதிரி இருக்கே."

"அது நான் வச்சது. பதினஞ்சு வருஷம் முன்னாடி. ஒரே மாதிரி அடிச்சு அலுத்துப்போய், கேக்க நல்லாருக்கேன்னு ஒரு இடத்துல மாத்தி அடிச்சேன்."

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

"நேத்தே ஏன் சொல்லல?"

"நேத்துக் காலைல எனக்குத் தெரியாது. வட்டம்தான் போட்டேன், படிக்கல. மத்தியானம் தெரிஞ்சுது." பெரியவள் குழாயை மூடினாள். "தெரிஞ்ச பிறகு சொல்ல மனசு வரல. உன்மேல பொறாமை."

சின்னவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "அந்த நாற்காலி அங்க வெயில் அடிக்குதுக்கா, பத்து மணிக்கு மேல கண்ணே தெரியல," என்றாள். "கேட்டு வாங்கிட்டு எப்படித் திருப்பிக் கேக்கறதுன்னு உக்காந்திருக்கேன்."

பெரியவள் சிரிக்கப் பார்த்தாள், முழுசாக வரவில்லை.

ஒன்பதரைக்கு இருவரும் வக்கீலம்மா முன்னால் நின்றார்கள். புலி வருது கதையைப் போல இன்னொரு வட்டமா என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். பெரியவள் தன் முப்பத்தொரு வட்டத்தாளை முதலில் வைத்தாள். "முப்பதை விட்ருங்கம்மா. அது என் வயித்தெரிச்சல். இது ஒண்ணைப் பாருங்க." ஐந்தாம் பக்கத்தையும் ஆறாம் பக்கத்தையும் காட்டி, எரிந்த வயரைச் சொன்னாள்.

வக்கீலம்மா இரண்டையும் படித்தார். ஆறாம் பக்கத்து வாலை வெட்டச் சொன்னார். முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: 'இதில் "உள்பட" என வரும் இடமெல்லாம், சொன்னவை உதாரணமே; சொல்லாதவையும் அடங்கும்.' ஒரே தடவை, எல்லா இடத்துக்கும். மெயின் வயரிங்கை உரிமையாளர் பட்டியலிலேயே பேர் சொல்லிச் சேர்க்க எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போன் போட்டார், அவரும் சரி என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாருக்காகத் துடைத்தார் என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. அதுவும் கொஞ்சம் வலித்தது.

பதினொரு மணிக்குக் கையெழுத்து முடிந்தது. சலவைக்கடைக்காரர் போகும்போது, "நல்லா எழுதியிருக்காங்க. யாரு?" என்றார்.

"ரெண்டு பேரும்," என்றார் வக்கீலம்மா.

பெரியவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெயிலுக்குக் கையைத் தடுத்துக்கொண்டு சின்னவள் அடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே இவளை எடுத்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் குறையாது என்றுதான் பெரியவள் நினைத்திருந்தாள். இப்போது அதை வக்கீலம்மாவின் கணக்குப்படி சரிபார்த்தாள். எடுத்தால் குறையத்தான் செய்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை, இருந்தாலும் எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.