பச்சைப் பொத்தான் மேல் ஒரு சிவப்பு வட்டம்

அலுவலகத்தில் அவளுக்கு நொட்டை அக்கா என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கோபப்பட்டதில்லை. நொட்டை சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். மற்றவர்கள் எழுதிய செயலியைக் கையில் எடுத்து, எங்கே உடைகிறது, எங்கே ஒட்டவில்லை என்று தேடிக் கண்டுபிடித்து எழுதி வைப்பது அவள் வேலை. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளைத் திருப்பிப் போட்டுத் தையல் பார்த்தவள். “கல்யாண மேடையிலேயே என் சட்டையில மூணாவது பட்டன் ஆடுதுன்னு காதுல சொன்னவ” என்று வெல்டராக இருக்கும் அவள் கணவர் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பட்டன் ஆடியது உண்மை. அதை அவர் சொல்ல மாட்டார்.

தொழிற்சாலை மூடியபின் ஆறு மாதம் படித்து, நாற்பது வயதில் இந்தக் கம்பெனிக்கு வந்தாள். ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிற நோயாளிகளை வீட்டிலிருந்து கிளினிக்குக்கும், கிளினிக்கிலிருந்து வீட்டுக்கும் கொண்டு விடுகிற வண்டிகள் ஓடுவது இவர்களுடைய செயலியில்தான். வாரத்துக்கு மூன்று நாள், தவறாமல். ஒரு நாள் வண்டி வரவில்லை என்றால் அந்த மனிதருக்குக் கால் வீங்கிவிடும், மூச்சு வாங்கும். அதனால்தான் ஒரே மாதத்தில் பத்து முறை பயணத்தை ரத்து செய்கிற டிரைவருக்குக் கணக்கு தானாகவே பூட்டிக்கொள்ளும் என்று விதி வைத்திருந்தார்கள். நல்ல விதிதான். யார் ரத்து செய்தது என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டிருந்தால்.

நான்கு மாதங்களுக்கு முன் அவள் ஒரு குறை எழுதினாள். டிரைவருடைய வரைபடத் திரையை உயரம் குறைந்த, கட்டையான போன் ஒன்றில் திறந்து பார்த்தபோது கண்ணில் பட்டது. மேலே தேடல் பட்டை. அதற்குக் கீழே வலது ஓரத்தில், வரைபடத்தின் மேல் மிதக்கிற வட்டப் பொத்தான்கள் நான்கு: பெரிதாக்க, சிறிதாக்க, இருக்கிற இடம் காட்ட, கடைசியாகச் சிவப்பில் ரத்து. திரையின் அடியிலிருந்து ஒரு அட்டை எழும்பி நிற்கும். அதன் உச்சியில் ‘வந்துவிட்டேன்’ என்று அகலமான பச்சைப் பொத்தான், அதற்குக் கீழே நோயாளியின் பெயர், முகவரி, தொலைபேசி. நீளமான போனில் எல்லாம் அதனதன் இடத்தில் அழகாக இருந்தது. கட்டைப் போனில் மேலிருந்து தொங்குகிற வட்டங்களும் கீழிருந்து எழும்புகிற அட்டையும் ஒன்றோடொன்று மோதின. எழுத்தின் அளவைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் கேட்கவே வேண்டாம். அட்டை இன்னும் உயர்ந்து, பச்சைப் பொத்தானின் வலது பக்கம் சிவப்பு வட்டத்துக்கு அடியிலேயே போய்ச் செருகிக்கொண்டது. அங்கே விரல் வைத்தால், மேலே இருப்பதுதான் அந்தத் தொடுதலை வாங்கிக்கொள்ளும்.

படம் எடுத்து, விவரம் எழுதி அனுப்பினாள். இரண்டே நாளில் மேனேஜர் அதை மூடிவிட்டார். ‘இவ்வளவு கட்டையான திரை வைத்திருப்பவர்கள் நூற்றுக்கு மூன்று பேர். இப்போது தேவையில்லை.’ அவள் இரண்டாவது முறை திறந்தாள், இரண்டாவது முறையும் மூடினார். மூன்றாவது முறை திறந்தபோது, “அக்கா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்று கேட்டார். தன் வேலையைச் செய்ததற்கே அந்தக் கேள்வி கேட்கப்பட்டவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் புரியும்.

அன்று காலை பதினொன்றரைக்குத் தண்ணீர் பிடிக்கக் கீழே போனவள், வரவேற்பறையில் ஒரு டிரைவர் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி. உதவி மேஜையிலிருந்த பெண் கணினியைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தாள்.

“இந்த மாசம் ஒம்பது கேன்சல் இருக்குங்க. இன்னும் ஒண்ணு ஆச்சுன்னா ஐடி லாக் ஆயிடும்.”

“அதத்தான்மா சொல்ல வந்தேன். நான் வாசல்ல போய் நின்னுக்கிட்டு வந்துட்டேன்னு அமுக்கறேன். அமுக்கினதும் அந்த ட்ரிப்பே காணாமப் போயி வேற ட்ரிப் வந்து நிக்குது.”

“சிஸ்டத்துல நீங்க கேன்சல் பண்ணதாத்தான் இருக்கு.”

“அப்போ நான் பொய் சொல்றேனா?”

நொட்டை அக்காவின் கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது.

“அண்ணே, போனை ஒரு நிமிஷம் குடுங்க.”

கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. கட்டைப் போன், பெரிய எழுத்து. பின்பக்கம் திருப்பினாள். கம்பெனி முத்திரையும் ஒரு வரிசை எண்ணும் ஒட்டியிருந்தன.

“இது உங்க சொந்தப் போன் இல்லையா?”

“இல்லம்மா, சேரும்போது இவங்களே குடுத்தது. எங்க எல்லாருக்கும் இதான்.”

அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நூற்றுக்கு மூன்று பேர்! நோயாளிகள், அவர்களுடைய மகன்கள், மகள்கள், வண்டி கூப்பிடுகிற ஊர்ப்பட்ட ஜனம் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டு எண்ணினால் மூன்றுதான் வரும். டிரைவர்களை மட்டும் எண்ணியிருந்தால்? டிரைவர் திரை டிரைவருக்கு மட்டும்தானே தெரியும்! மலிவாகக் கிடைக்கிறது என்று இந்தப் போன்களை மொத்தமாக வாங்கிக் கொடுத்ததும் இதே கம்பெனி, இப்படிப் போன் வைத்திருப்பவர்கள் யாருமில்லை என்று சொன்னதும் இதே கம்பெனி.

“வாங்கண்ணே மேல.”

“எனக்குப் பன்னெண்டு மணிக்கு எதிர்க்க கிளினிக்ல ஒரு அம்மாவை ஏத்தணும்மா. அதான் பக்கத்துலதானேன்னு வந்தேன்.”

“பத்து நிமிஷம்.”

மாடியில் கண்ணாடி அறைக்குள் மேனேஜரும் டிசைனர் பெண்ணும் இருந்தார்கள். சுவரில் அந்தத் திரையின் படம் ஆளுயரத்துக்கு ஒளிர்ந்தது. நீளமான போனில் எடுத்தது. தேடல் பட்டைக்கும் அட்டைக்கும் நடுவில் இரண்டு ஆள் படுக்கலாம்போல இடம். கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

“தம்பி, நீங்க மூடி வச்ச குறை நடந்து வந்துருக்கு, பாருங்க.”

மேனேஜர் டிரைவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அக்கா, மீட்டிங்ல இருக்கோம்.”

“ஒம்பது கேன்சல். இன்னும் ஒண்ணுன்னா இவரு வேலை போயிடும். ஒண்ணுகூட இவரு பண்ணலை. என் போன்ல சோதனைக் கணக்குல போட்டுக் காட்டறேன், இருங்க…”

“எதுக்கு அவ்ளோ சுத்தணும்? குடுங்க.” மேனேஜர் டிரைவர் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டார். “இங்க பாருங்க சார், பச்சை பட்டன் இவ்ளோ பெருசா இருக்கு. இதை அமுக்கத் தெரியலைன்னா…”

“தம்பி, அது நிஜ ட்ரிப், தொடாதீங்க!”

தொட்டுவிட்டார். வலது கையில் போனைப் பிடித்தபடி, அதே கையின் கட்டைவிரலால், எல்லோரும் தொடுகிற அந்த இடத்தில். அட்டை மறைந்தது, இன்னொரு பயணத்தின் அட்டை மேலே எழும்பி வந்தது. அடுத்த வினாடி திரை முழுக்கச் சாம்பல் நிறமாகிவிட்டது. ‘பத்து ரத்துகள். உங்கள் கணக்கு பூட்டப்பட்டது.’

“நான் கேன்சல் பண்ணலையே! திரும்பக் கொண்டுவர்றதுக்கு அஞ்சு செகண்டு டைம் குடுக்குமே, அது எங்க?” என்றார் மேனேஜர்.

டிசைனர் பெண்தான் மெல்லிய குரலில் சொன்னாள். “அது திரைக்கு அடியில வரும். அடுத்த ட்ரிப்போட கார்டு உடனே வந்து அதை மூடிடுச்சு.” அவள் முகம் வெளுத்திருந்தது. அவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவளுக்கு வரைவதற்குக் கொடுத்ததே ஒரே ஒரு நீளத் திரைதான்.

டிரைவர் யாரோடும் சண்டை போடவில்லை. மேனேஜர் கையிலிருந்து போனை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். “ஆப்புல இருக்கோ இல்லையோ, அந்தம்மா அங்க உக்காந்துக்கிட்டுத்தான் இருப்பாங்க. நான் போய் வீட்ல விட்டுட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அன்று மத்தியானமே வேலை தொடங்கியது. வட்டப் பொத்தான்களை மேலிருந்து தொங்கவிடாமல் அட்டையின் மேல் விளிம்போடு கட்டினார்கள். அட்டை ஏறினால் அவையும் ஏறும், இறங்கினால் இறங்கும். இடம் போதாத திரையில் பெரிதாக்குகிற, சிறிதாக்குகிற பொத்தான்கள் தாமாகவே மறைந்துகொள்ளும். அதை இரண்டு விரலாலேயே செய்துவிடலாமே. அட்டை பாதித் திரையைத் தாண்டாது, மிச்ச விவரத்தை உள்ளேயே தள்ளிப் படிக்கலாம். தேடுவதற்கு விசைப்பலகை எழும்பினால் அட்டை ஒரு வரியாகச் சுருங்கும். ரத்து வட்டம் வரைபடத்தை விட்டே போய், அட்டையின் கடைசியில், உறுதிதானா என்று ஒருமுறை கேட்டபிறகே வேலை செய்வதாக ஆயிற்று. நாலு நாள் வேலை. நாலு மாதமாக மூடி வைத்திருந்தது இந்த நாலு நாள் வேலையைத்தான்.

ஐந்தாம் நாள் காலை, எல்லா நீளப் போன்களிலும் கட்டைப் போன்களிலும், பெரிய எழுத்திலும் சின்ன எழுத்திலும் அவள் பார்த்து முடித்தாள். சரியாக இருந்தது. அவள் ‘சரி’ என்று குறித்தால்தான் வெளியே போகும். குறிப்பதற்கு முன் அந்த டிரைவருக்குப் போன கடிதத்தின் நகலைக் கண்டாள். ‘தங்களது பத்து ரத்துகளும் இம்முறை மன்னிக்கப்படுகின்றன.’

நேராகக் கண்ணாடி அறைக்குப் போனாள்.

“யாரு யாரை மன்னிக்கறது?”

“அக்கா, அது வழக்கமா போற லெட்டர். கணக்கைத் திறந்து விட்டாச்சுல்ல?”

“பத்துல ஒண்ணு நீங்க பண்ணது. அதையும் அவருக்கு மன்னிச்சிருக்கீங்க. தப்பு எங்களுதுன்னு எழுதி அனுப்புங்க. அப்புறம், போன நாலு மாசத்துல பத்து கேன்சல்னு எத்தனை பேரை வேலையை விட்டு அனுப்பினோம்?”

மேனேஜர் கணினியை அவள் பக்கம் திருப்பினார். பதினேழு பேர். அதில் பதின்மூன்று பேர் கையில் இருந்தது கம்பெனி கொடுத்த அந்தக் கட்டைப் போன்.

“அவங்கல்லாம் இந்நேரம் வேற வேலைக்குப் போயிருப்பாங்கக்கா.”

“அதை அவங்க சொல்லட்டும். கூப்பிட்டு முடிக்கற வரைக்கும் நான் சரின்னு குறிக்க மாட்டேன்.”

“ஹெச்ஆர் கூப்பிடுவாங்க.”

“ஹெச்ஆர்தானே அனுப்பினது?” என்றாள். அந்தப் பதின்மூன்று பேர் பட்டியலை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள். வீட்டுத் தொலைபேசி எண்கள் ஓரத்தில் இருந்தன. முதல் பெயருக்கு நேரே இருந்த எண்ணை அழுத்தினாள். மூன்று முறை மணி அடித்தபின் ஒரு ஆண் குரல் எடுத்தது. பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. கம்பெனிப் பெயரை மட்டும்தான் சொன்னாள். எதற்குக் கூப்பிடுகிறாள் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் அந்த மனிதர் அவசர அவசரமாகப் பேசத் தொடங்கிவிட்டார்.

“மேடம், என் புள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன், அன்னிக்கு நான் அந்தப் பெரியவரை ஏத்தத்தான் வாசல்ல நின்னேன். நான் கேன்சல் பண்ணலை மேடம்.”