வீட்டுக்குள் நடை சாத்திய சனிக்கிழமை

மருமகள் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு உள்ளறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, வெளிநாட்டில் இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். என் மகன் பட்டாளத்தில் வடக்கே இருக்கிறான். அவன் இல்லாத வீட்டில் அவளுக்கு அந்த வகுப்புதான் தெம்பு.

அந்த மாதம் நடுவில் ஒரு நாள், அவள் பாடம் எடுக்கும்போது படம் அப்படியே நின்றுவிட்டது. வாய் திறந்தபடி அவள் முகம், நடுவில் சுற்றுகிற வட்டம். மறுநாளும் அப்படித்தான். வகுப்பு நடத்துகிற நிறுவனத்து அம்மா போனில் சொன்னதை அடுக்களையில் நின்று நானும் கேட்டேன். சனிக்கிழமை சாயந்தரம் புது பேட்சுக்கு மாதிரி வகுப்பு ஒன்று. பெற்றோரும் பார்ப்பார்கள். அதிலும் அறுந்தால் பேட்ச் வேறு ஆளுக்குப் போய்விடும்.

போனை வைத்துவிட்டு அவள் கத்திரிக்காய் நறுக்க வந்தாள். காய் ரொம்பப் பொடிசாக விழுந்தது.

என் வீட்டுக்காரர் முதலில் குரங்கைச் சந்தேகப்பட்டார். மலையடிவாரத்து ஊர், குரங்கு கேபிளில் ஊஞ்சலாடுவது வழக்கம்தான். மாடிக்குப் போய்ப் பார்த்தார், வயர் நன்றாக இருந்தது. பிறகு பக்கத்து வீட்டுப் பையன்களைச் சந்தேகப்பட்டு மருமகளிடம் வைஃபை பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். அதற்கும் சரியாகவில்லை.

"ஏட்டி, கெளம்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் நெட்டு ஆபீஸ்லயே போயி நேர்ல கேப்போம். அப்படியே கோயிலுக்கும் போயிட்டு வந்திருவோம்" என்றார். வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறினோம்.

கவுன்டரில் இருந்த பெண் எங்கள் நம்பரைத் தட்டிப் பார்த்தாள்.

"ஐயா, லைன்ல கோளாறு இல்ல. ஒங்க பிளான்ல மாசத்துக்கு ஐந்நூறு ஜிபி வரைக்கும்தான் முழு வேகம். அது தீந்து போச்சு. இனி ஒண்ணாந்தேதி வரைக்கும் ரெண்டு எம்பிபிஎஸ் வேகந்தான் வரும்."

"அன்லிமிட்டட்னு சொல்லித்தானம்மா குடுத்தீக?"

"நெட்டு நிக்காதுய்யா, அதான் அன்லிமிட்டட். வேகந்தான் கொறையும்."

"நல்லா இருக்குதே கத. எலை போட்டுச் சோறும் உண்டு, ஆனா ஒவ்வொரு பருக்கையாத்தான் வைப்பீக."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "வீட்டுல வீடியோ யாரு ஜாஸ்தி பாப்பாக?"

"யாரும் சினிமா கூடப் பாக்குறதில்லம்மா" என்றேன். நிஜம்தான். வீட்டில் ஓடுவது சாமி ஒன்றுதான்.

போன மாதக் கடைசியில் மகன் பெரிய டிவி வாங்கி அனுப்பியிருந்தான். வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, நினைத்தபோது கோயிலுக்குப் போக முடியாது. அதனால் பூஜை அலமாரிக்குப் பக்கத்திலேயே அதை மாட்டி, நெட்டில் ஒரு பக்திச் சேனலின் நேரலையைப் போட்டுவிட்டார். அதுவரை சின்ன போனில் பார்த்த பெருமாள் திருமுகம் சுவர் அளவுக்கு வந்ததும் எனக்கே கண் நிறைந்துவிட்டது. விடியலில் போட்டால் படுக்கும்வரை ஓடும். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும். விளக்கை அணைக்காமல் பார்த்துக்கொள்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டோம்.

இதை நான் சொன்னதும் அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "பெரிய டிவில எச்டில ஓடுனா மணிக்கு ரெண்டு ஜிபி தோராயமா ஆகும்யா. நாள் பூராம்னா முப்பதத் தாண்டும். பாதி மாசத்துல ஐந்நூறு வந்திருதா?"

"மருமக பாடம் எடுக்கையில சத்தத்த நிப்பாட்டித்தான வைக்கோம்?" என்றார் வீட்டுக்காரர்.

"சத்தம் கொஞ்சந்தான் இழுக்கும். படந்தான்யா இழுக்கிறது. இப்பவும் அது ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னா இருக்கிற ரெண்டையும் அதுவே எடுத்துக்கிரும். பொறவு வகுப்பு எப்படி ஓடும்?"

வெளியே வந்து கோயிலுக்கு நடந்தோம். எனக்கு மருமகள் சொன்னது ஞாபகம் வந்தது. டிவி வந்த புதிதில், "மாமா, படத்தோட குவாலிட்டியக் கொஞ்சம் கொறச்சு வைக்கட்டுமா?" என்று கேட்டாள். "சாமியவா மங்கலாக்கச் சொல்லுத?" என்று இவர் கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. கணக்கு வாத்தியார் அல்லவா? அதற்குப் பிறகு சாமியை நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கோயிலுக்குப் போனபோது மதியம் ஆகியிருந்தது. நடை சாத்திவிட்டார்கள். நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்றார் பூக்காரம்மா. தேருக்குப் பக்கத்து நிழலில் உட்கார்ந்து பால்கோவா தின்றோம். அவர் பாதியைக் கையிலேயே வைத்துக்கொண்டு சாத்திய கதவைப் பார்த்தபடி இருந்தார்.

"ஏட்டி."

"சொல்லுங்க."

"இங்கனயே தாயாருக்கு மதியம் நடை சாத்துதாக. ராத்திரி சாத்துதாக. நம்ம வீட்டுல எப்பமாச்சும் சாத்துனமா?"

நான் தாளை மடித்துக்கொண்டிருக்க, அவரே தொடர்ந்தார்.

"மதியத்துல சேனல்காரன் பழைய படத்தத்தான் திருப்பித் திருப்பிப் போடுதான். நாம அதுக்கும் கும்பிடு போட்டுக்கிட்டு இருந்திருக்கோம். அந்தப் புள்ள பாவம், உள்ள ஒக்காந்து முழிச்சிருக்கு."

"நாளைக்குச் சனிக்கிழமையாச்சே" என்றேன். நேரலையில் வரும் சனிக்கிழமை சாயந்தர தீபாராதனையை அவர் ஒரு வாரமும் விட்டதில்லை. வகுப்பும் அதே நேரம்.

"பெருமாள் கோவிச்சுக்கிட மாட்டாரு. கோவிச்சா நான் பேசிக்கிடுதேன்" என்று மிச்சப் பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டார்.

நடை திறந்ததும் தரிசனம் செய்துவிட்டு வீடு வந்தோம். அவர் செருப்பைக் கழற்றும்போதே, "ஏத்தா, அந்தப் படத்தக் கொறைக்கணும்னு சொன்னியே, எம்புட்டுக் கொறைக்கணும்?" என்று கேட்டார். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

அவள் கணக்கு முழுதும் மனதிலேயே தயாராக இருந்தது. "சின்னப் படமா நானூத்தெம்பது குவாலிட்டில வச்சா மணிக்கு அர ஜிபி போதும் மாமா. காலையும் சாயந்தரமும் சேத்து மூணு மணி நேரம் பாத்தா மாசத்துக்கு அம்பதுக்குள்ள. என் வகுப்பு நாளைக்கு நாலு மணி நேரம், மணிக்கு ஒரு ஜிபினு வச்சாலும் நூத்தி இருவதுதான். எல்லாரு போனுக்கும் நூறுன்னாலும், முந்நூறத் தொடாது. மத்த நேரத்துக்குச் சாமி பாட்ட மட்டும் பென் டிரைவ்ல போட்டுத் தாரேன். அதுக்கு நெட்டே வேண்டாம்."

"இதெல்லாம் தெரிஞ்சும் ஏந்தாயி சொல்லல?"

"சாமி விசயம் மாமா."

"சாமிக்கு இதுல என்ன இருக்கு? டவர்ல இருந்தா வந்தாரு அவரு?"

அவள் சிரித்தாள். அதை நான் பார்த்து நாலைந்து நாள் ஆகியிருந்தது.

ஆனால் ஒன்றாம் தேதி இன்னும் வரவில்லை. சனிக்கிழமை அதே ரெண்டில்தான் வகுப்பு நடந்தாக வேண்டும். ஒரு ஆளுக்கு அது போதும், வேறு யாரும் இழுக்கக்கூடாது என்றாள். என் போனிலும் அவர் போனிலும் வைஃபையை அணைத்தோம். டிவியை ரிமோட்டில் நிறுத்தினால் போதும் என்றாள். அவருக்கு மனம் ஒப்பவில்லை, பிளக்கையே பிடுங்கினார். பிறகு பீரோவிலிருந்து பட்டுத் துண்டு ஒன்றை எடுத்து டிவிக்கு மேல் திரைபோல் தொங்கவிட்டார். கோயிலில் போலவே.

வகுப்பு தொடங்கியது. நான் அடுக்களையில் விளக்கேற்றி சத்தமில்லாமல் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் கூடத்தில் திரைக்கு முன் கைகட்டி உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து மருமகள் குரல் வந்தது, பிள்ளைகளின் குரல் வந்தது. நடுவில் ஒரு தரம் அவள் பேச்சு நின்றது. நான் உள்ளறைக் கதவை எட்டிப் பார்த்தேன். ஒரு பிள்ளையின் விடைக்காகத்தான் காத்திருந்தாள் போல. "சரியாச் சொன்ன, ஏன்னு இப்பச் சொல்லு" என்று குரல் மறுபடி வந்தது. கடைசிவரை அறுபடவே இல்லை.

வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்து வந்தாள். போனை என்னிடம் நீட்டினாள். நிறுவனத்து அம்மா அனுப்பிய செய்தி. திங்கட்கிழமையிலிருந்து புது பேட்ச் அவளுக்குத்தான்.

நான் வாசித்ததை வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, துண்டின் நுனியைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தார்.

"அப்பம் நடை தொறக்கலாமா தாயி?"

"தொறங்க மாமா" என்றாள். "சின்னப் படமா."