செத்தவன் அனுப்பும் சம்பளம்

கொழுந்தன் செத்து நான்கு வருஷமாகியும் அவன் பெண்டாட்டிக்கு மாதம் பிறந்தால் பணம் வருகிறது. உயிரோடு இருக்கும் தன் புருஷனோ கிடங்கில் மூட்டை தூக்கினால்தான் கூலி. முதுகு பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. இதை நினைத்தாலே மூத்தவளுக்கு வயிறு எரியும். அதே கிடங்கில் சாக்குத் தைப்பவள் அவள். தாலியறுத்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமும் வரும், ஆனால் வெட்கப்பட்டு எந்த எரிச்சல் அடங்கியிருக்கிறது?

அன்று கொழுந்தன் பெண்டாட்டியான அந்த ஓர்ப்படிக்குத் துணையாகப் பென்ஷன் ஆபீசுக்குப் போனாள். உயிரோடு இருப்பதை வருஷத்துக்கு ஒருமுறை விரல் வைத்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பணம் நின்றுவிடும். பாத்திரம் தேய்த்து ரேகை அழிந்த ஓர்ப்படியின் கட்டைவிரலைக் கருவி மூன்று தடவை ஏற்கவில்லை. மூத்தவளுக்கு உள்ளுக்குள் சர்க்கரை தின்றதுபோல இருந்தது. குமாஸ்தா வேறு விரலை வைக்கச் சொன்னார். பதிந்துவிட்டது.

மூத்தவளால் அடக்க முடியவில்லை. "ஏன் சார், அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே கிடங்கு, ஒரே மூட்டை. இவளுக்கு மட்டும் எப்படி வருது?"

"இவங்க வீட்டுக்காரர் கூலியில மாசாமாசம் பிடிச்சாங்க. முதலாளியும் தன் பங்கைப் போட்டார். அதுலேர்ந்துதான் பென்ஷன். அவர் போனதுக்கப்புறம் பொண்டாட்டிக்கு வருது. உங்க வீட்ல பிடிச்சாங்களா?"

பதினைந்து வருஷத்துக்கு முன் கிடங்கில் பென்ஷனுக்குப் பேர் சேர்க்கக் கேட்டபோது, "ஒரு காசு குறைஞ்சாலும் வீட்டுப் பக்கம் வராதே" என்று புருஷனை விரட்டியவள் மூத்தவளேதான். அவர் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

"இப்ப சேர முடியாதா? அவருக்கு அறுபது."

"கட்டாத சீட்டை எடுக்க முடியுமாம்மா? அம்பத்தெட்டு வயசுக்குள்ள பத்து வருஷமாவது பிடித்தம் போயிருக்கணும். ஆமா, உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தேழு."

"இன்னும் பதினோரு வருஷம் இருக்கே! தினக்கூலியா இருந்தாலும் முதலாளி உங்க பேரைச் சேர்க்கணும்."

மறுநாள் காலை தன் பேரைச் சேர்க்கச் சொல்லிக் கிடங்கு மேஸ்திரி முன்னால் போய் நின்றாள். கூலியில் பிடித்தம் வேண்டாம் என்று கைநாட்டு வைத்துவிட்டு நின்ற மற்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "கிழவிக்குப் பென்ஷன் ஆசை பாரு!" அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"உனக்கு அப்புறம் பென்ஷன் யாருக்குப் போகணும்?" என்று மேஸ்திரி படிவத்தைப் பார்த்துக் கேட்டார். புருஷன் பேரைச் சொன்னாள்.

வீட்டில் அவர் முதுகை நீட்டிப் படுத்திருந்தார். சங்கதியைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"உன் கூலியில பிடிச்சு எனக்கு எதுக்கு?"

"நான் முந்திப் போனா உங்களுக்கு மாசாமாசம் வரும்," என்றாள். "இத்தனை வருஷம் நான் அவளைப் பார்த்து வயிறெரிஞ்சேன்ல? உங்களைப் பார்த்தும் நாலு பேர் வயிறெரியட்டும்."